வித்தியாசம் எவ்வளவு?

"சார், டேலி ஆகல." கணக்குப்பதிவியல் வகுப்பில் நான் அதிகம் கேட்ட வாசகம் இதுதான். சொன்ன கையோடு மாணவர் தொடக்கச் சரக்கிருப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கூட்டத் தொடங்கிவிடுவார். "வித்தியாசம் எவ்வளவு?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பார்த்திருக்க மாட்டார்கள். பிழை எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுப்பது அந்தத் தொகைதான்.

தமிழ்நாட்டு மேல்நிலைத் தேர்வில் எழுத்துத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரம். மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம் என்று வகுத்தால் ஐந்து மதிப்பெண் கணக்குக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். ஒரு மதிப்பெண் வினாக்களைச் சீக்கிரம் முடித்தால் அது பன்னிரண்டாகலாம். அதற்கு மேல் நீட்டினால் வேறொரு வினாவின் நேரத்தைத்தான் எடுக்கிறோம். அதனால் வீட்டில் தினம் ஒரு இறுதிக்கணக்கு போடும்போதும் கடிகாரம் முன்னால் இருக்கட்டும். படித்துக் குறியிட இரண்டு நிமிடம், வியாபாரக் கணக்குக்கும் இலாப நட்டக் கணக்குக்கும் சேர்த்து ஆறு, இருப்புநிலைக் குறிப்புக்கு மூன்று, சரிபார்க்க ஒன்று.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருப்பாய்வில் தொடக்கச் சரக்கிருப்பு 20,000, கொள்முதல் 1,50,000, கூலி 12,000, சம்பளம் 24,000, வாடகை 11,000, கடனாளிகள் 42,000, இயந்திரம் 60,000, ரொக்கம் 21,000, எடுப்புகள் 10,000. எதிர்ப்பக்கம் முதல் 90,000, விற்பனை 2,30,000, கடனீந்தோர் 30,000. இரு பக்கமும் 3,50,000. சரிக்கட்டுதல்கள்: இறுதிச் சரக்கிருப்பு 30,000, கொடுபட வேண்டிய வாடகை 1,000, இயந்திரத்துக்கு 10 சதவீதத் தேய்மானம், வாராக்கடன் 2,000 போக்கெழுத வேண்டும், கடனாளிகள் மீது 5 சதவீத ஒதுக்கு வேண்டும்.

மொத்த இலாபம் 78,000. அதிலிருந்து சம்பளம் 24,000, வாடகை 12,000, தேய்மானம் 6,000, வாராக்கடன் 2,000, ஒதுக்கு 2,000 போனால் நிகர இலாபம் 32,000. முதலோடு இலாபத்தைக் கூட்டி எடுப்புகளைக் கழித்தால் 1,12,000. கடனீந்தோரும் கொடுபட வேண்டிய வாடகையும் சேர்ந்து பொறுப்புப் பக்கம் 1,43,000. எதிரே இயந்திரம் 54,000, கடனாளிகள் 38,000, சரக்கு 30,000, ரொக்கம் 21,000. அங்கேயும் 1,43,000.

இனி இதே கணக்கில் மாணவர்கள் இடறும் இடங்களைப் பார்க்கலாம். பொறுப்புகள் 1,42,000 என்று வந்தால் வித்தியாசம் 1,000. சரிக்கட்டுதலில் 1,000 எது என்று தேடினால் வாடகை. இலாப நட்டக் கணக்கில் சேர்த்தவர் பொறுப்புப் பக்கம் எழுதவில்லை. அரை நிமிட வேலை.

பொறுப்புகள் 1,63,000 என்று வந்தால் வித்தியாசம் 20,000. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 20,000 என்று தொடக்கச் சரக்கிருப்பே இருக்கிறது. அதை வியாபாரக் கணக்கில் விட்டிருந்தால் இலாபம் 20,000 கூடி, இதே வித்தியாசம்தான் வரும். விடவில்லை என்று தெரிந்தால் தொகையைப் பாதியாக்குங்கள்: 10,000. எடுப்புகள்! கழிப்பதற்குப் பதில் கூட்டியிருக்கிறார். பக்கம் மாறிய தொகை எப்போதும் இரு மடங்காகத்தான் வெளியே தெரியும்.

சொத்துகள் 1,25,000 என்று வந்தால் வித்தியாசம் 18,000. அப்படி ஒரு தொகை கணக்கில் இல்லை, பாதியான 9,000-மும் இல்லை. ஆனால் 18,000 ஒன்பதால் வகுபடும். அப்போது இலக்கம் இடம் மாறியதோ என்று சந்தேகிக்கலாம். கடனாளிகள் 42,000-ஐ 24,000 என்று எழுதியிருக்கிறார். 6,000-ஐ 600 என்று எழுதினாலும் வித்தியாசம் 5,400, அதுவும் ஒன்பதால் வகுபடும். ஆனால் இந்த ஒன்பது விதியை அளவோடு நம்ப வேண்டும். முழு ஆயிரங்களில் அமைந்த தேர்வுக் கணக்குகளில் 9,000 என்பது விட்டுப்போன ஒரு சாதாரணத் தொகையாகவும் இருக்கலாம். அதனால் இதை மூன்றாவதாகத்தான் பார்க்கச் சொல்வேன்.

டேலி ஆகாத கணக்கைவிட, தவறாக டேலி ஆகும் கணக்கு மோசமானது. தேய்மானத்தை அடியோடு மறந்தவருக்கு இரு பக்கமும் 1,49,000 என்று அழகாக வரும். வாராக்கடனைக் கழிக்காமல் 42,000 மீதே ஒதுக்கு கண்டவர் 2,000-க்குப் பதில் 2,100 எழுதுவார். அவருக்கு 1,42,900 என்று பொருந்திவிடும். இருவரும் நிம்மதியாக அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். இவர்களை வித்தியாசத் தொகை காப்பாற்றாது. காப்பாற்றுவது முதல் இரண்டு நிமிடத்தில் போடும் குறிகள்தான்: ஒவ்வொரு சரிக்கட்டுதலுக்கும் வரைவுப் பகுதியில் இரண்டு புள்ளி, பதிந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளியை அடித்துவிடுவது. கடைசி நிமிடத்தில் அடிபடாத புள்ளி எதுவும் இருக்கக் கூடாது. இருப்பாய்வுக்குள்ளேயே இருக்கும் தொகைக்கு ஒரே புள்ளி போதும். வாராக்கடன் இருப்பாய்விலேயே வந்திருந்தால் கடனாளிகளிடமிருந்து மறுபடி கழிப்பது தவறு, ஏற்கெனவே கழித்தாயிற்று. இறுதிச் சரக்கிருப்பு இருப்பாய்வில் இருந்தால் இருப்புநிலைக் குறிப்புக்கு மட்டுமே போகும்.

பிளஸ் டூவில் முழுமை பெறா பதிவேடுகள் பாடத்துக்கும் இந்தப் பழக்கம் வேண்டும். அங்கே கடன் விற்பனையையே மொத்தக் கடனாளிகள் கணக்கு போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். தொடக்கத்தில் 35,000, இறுதியில் 42,000, வசூல் 1,20,000, வாராக்கடன் 2,000 என்றால் கடன் விற்பனை 1,29,000. தொடக்கத்தையும் இறுதியையும் மாற்றிப் போட்டவருக்கு 1,15,000 வரும். பேரேட்டில் இரு பக்கமும் பொருந்தத்தான் செய்யும், ஏனென்றால் விற்பனையே அங்கே இட்டு நிரப்பும் தொகை. பேரேட்டை மூடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: ஆண்டு முடிவில் வர வேண்டிய பாக்கி கூடியிருக்கிறதே, விற்றது வசூலானதைவிடக் குறைவாக எப்படி இருக்கும்? பத்து வினாடிகூட ஆகாது. வேகம் வேண்டும் என்று பேரேட்டுப் பயிற்சியைத் தள்ளிவிட்டு நேராக இருப்புநிலைக் குறிப்புக்குத் தாவுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வணிகவியல் தாளுக்கும் மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்தான், ஆனால் அங்கே டேலி கிடையாது. ஐந்து மதிப்பெண் விடையைப் பத்து நிமிடம் பார்க்காமல் எழுதி, பிறகு புத்தகத்தைத் திறந்து விடுபட்ட தலைப்புகளைச் சிவப்பில் சேர்ப்பதே அதற்கான சோதனை.

தினப் பயிற்சி நோட்டில் விடையோடு இன்னும் இரண்டு விவரம் எழுதச் சொல்வேன்: எடுத்த நேரம், வந்த வித்தியாசமும் அதன் காரணமும். சில வாரங்களில் ஒவ்வொருவருக்கும் தன் வழக்கமான பிழை தெரிந்துவிடும். ஒருவருக்கு எப்போதும் முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு விட்டுப்போகும், இன்னொருவருக்கு எடுப்புகள் மீதான வட்டி. சரிபார்க்கும் நிமிடத்தில் அவரவர் முதலில் அங்கே போனால் போதும்.

தேர்வறையில் வித்தியாசத்தைத் தேட இரண்டு நிமிடத்துக்கு மேல் தராதீர்கள். முழுத் தொகை, பாதி, ஒன்பது என்று பார்த்தும் அகப்படவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள், நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம். மொத்தத்தை மட்டும் அடித்துத் திருத்திச் சமமாகக் காட்டாதீர்கள். சரியாகப் போட்ட படிகளுக்கு மதிப்பெண் உண்டு. திருத்திய மொத்தத்தைத் திருத்துபவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.