வட்ஸ்அப்பில் "சரி" என்றால் பேச்சு முடிந்ததா?

நம்மட பக்கம் நெல் வியாபாரமும் இப்ப வட்ஸ்அப்பில்தான். ஒருவர் "100 மூட்டை, இந்த விலை" என்று அனுப்புகிறார். ஆலைக்காரர் இரவு 7 மணிக்கு "சரி" என்கிறார். விற்பவரின் ஃபோன் ஓஃப், ஒற்றை டிக்தான் விழுகிறது. 7.10க்கு விற்பவர் மகனின் ஃபோனில் எடுத்து, "விலை மாறிட்டு, தரமாட்டேன்" என்கிறார். ஒப்பந்தம் உண்டா?

கடிதமென்றால் உண்டு. 1818இல் இங்கிலாந்தின் அடம்ஸ் எதிர் லிண்ட்செல் கம்பளி வழக்கு முதல், சம்மதக் கடிதத்தைத் தபாலில் போட்டதுமே ஒப்பந்தம் என்பது விதி. உடனே சேரும் செய்திக்கு அப்படியில்லை. தொலைபேசியில் முடிந்த ஒரு வியாபாரம் பற்றி 1965இல் இந்திய உச்ச நீதிமன்றம், சம்மதம் எங்கே கேட்கப்பட்டதோ அங்கேதான் ஒப்பந்தம் என்றது.

நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம், 2017இல் திருத்தப்பட்டது, செய்தியைப் பெறுநர் எடுத்துப் பார்க்கக்கூடியதான நேரத்தையே கிடைத்த நேரமாகக் கொள்கிறது. அவர் வாசித்தாரா என்பது கணக்கில்லை. ஆகவே நீல டிக்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஒற்றை டிக்கோடு நின்றால், தனக்குச் சேரவில்லை என்று விற்பவர் வாதாட இடமுண்டு.

சம்மதம் அனுப்பினால் இரண்டு டிக் விழும் வரை பாருங்கள். விழாவிட்டால் கோல் எடுத்துச் சொல்லுங்கள். காணி விற்பனைக்கு இது எதுவும் போதாது. அதற்கு நொத்தாரிசு உறுதிதான் வேண்டும்.