நூறில் ஒன்று

மன்னார்புரத்தில் என் அறைக்கு வரும் எம்.டெக் நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: எந்த அல்காரிதம் ஊடுருவலை நல்லாப் பிடிக்கும்? எனக்கு வேறு சந்தேகம். பிடிச்சுதுன்னு எதை வச்சுச் சொல்றோம்?

CICIDS2017 என்ற தரவுத்தொகுப்பு 2017 ஜூலை 3 முதல் 7 வரை, ஐந்து நாள் பதிவானது. வழக்கமாக அதைக் கலக்கி, எண்பதுக்கு இருபதாகப் பிரிப்பார்கள். ஒரே தாக்குதலின் துணுக்குகள் இரண்டு பக்கமும் விழும். படித்த வினாவே தேர்வில் வந்தால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும்?

நான் நாள்கணக்கில் பிரித்தேன். பாட்நெட் தாக்குதல் வெள்ளியன்று மட்டும்தான் வருகிறது. வியாழன் வரை பயின்ற மாடல் அதைக் கண்டுகொள்ளுமா? இதுதான் என் ஆய்வுக் கேள்வி.

அடுத்தது அளவுகோல். ஒரு நாளில் பத்து லட்சம் இணைப்புகள், அவற்றில் நூறு தாக்குதல் என்று வைத்துக்கொள்வோம். மாடல் 99 தாக்குதலைப் பிடிக்கிறது. சாதாரண இணைப்புகளில் ஒரு சதவீதத்தை மட்டும் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் அலாரம் 9,999. அலாரம் நூறு அடித்தால் ஒன்றுதான் நிஜம்.

ஆகவே, துல்லிய சதவீதத்தை விட்டுவிட்டேன். காவலில் இருப்பவர் நாளைக்கு ஐம்பது அலாரம்தான் பார்க்க முடியும் என்றால், மாடல் முன்னே வைக்கும் ஐம்பதில் எத்தனை நிஜம்? அதைத்தான் எண்ணுகிறேன்.