ஒரு மீட்டர் சாலையின் எடை

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்கள், கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கிப் பழகியவர்கள். அந்தக் கல் உடைபட்டு ஜல்லியாகி, சூடான தாரோடு கலந்து, திரும்பவும் சாலைக்கே வந்து சேர்கிறது. அப்படி வந்து சேரும் இடத்தில் நின்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன். மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கிளைச் சாலையில் மேல்பூச்சுப் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது.

தார்ப்பாய் மூடிய லாரி ஒன்று பின்னால் நகர்ந்து வந்து பேவர் இயந்திரத்தில் கலவையைக் கொட்டியது. ஓட்டுநர் கொடுத்த எடைச்சீட்டை மேஸ்திரி வாங்கிப் பார்த்தார். நிகர எடை 16 டன். சாலை ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “ஒரு லோடுக்கு இருபத்தி நாலு மீட்டர் சார். அதுக்கு மேல ஓடுச்சுன்னா கனம் குறையுதுன்னு அர்த்தம்.”

அந்த இருபத்து நாலு எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தத் தொழிலின் கணக்கு முழுவதும் இருக்கிறது. சாலையின் அகலம் 7 மீட்டர். ரோலர் ஓடி முடித்த பிறகு மேல்பூச்சு 40 மில்லிமீட்டர் கனம் நிற்கவேண்டும். இறுகிய நிலையில் ஒரு கனமீட்டர் கலவையின் எடை 2.40 டன். ஒரு கிலோமீட்டருக்கு 1000 × 7 × 0.04 என்று பெருக்கினால் 280 கனமீட்டர். அதை 2.40ஆல் பெருக்கினால் 672 டன். அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு 672 கிலோ. 16 டன் லாரி ஒன்று 23.8 மீட்டர் போகும். கிலோமீட்டருக்கு 42 லோடு வேண்டும். கனத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே கிலோமீட்டருக்கு 16.8 டன் குறையும். ஐந்து மில்லிமீட்டர் குறைந்தால் 84 டன். ஐந்து லாரிக்கு மேல்!

அகலத்தையும் கனத்தையும் டேப்பில் அளந்துவிடலாம். 2.40 என்ற எண்ணைத்தான் கண்ணால் பார்க்க முடியாது. கருங்கல்லின் அடர்த்தியை அப்படியே எடுத்துப் போட்டால் கணக்கு ஏறிவிடும். கலவைக்குள் கல்லைவிட லேசான தாரும் இருக்கிறது, கொஞ்சம் காற்றும் இருக்கிறது. லாரியில் பொலபொலவென்று கிடக்கும் கலவையின் அடர்த்தியைப் போட்டால் கணக்கு இறங்கிவிடும். அதனால் ஆய்வகத்தில் அதே கலவையை அச்சில் வைத்து இரண்டு பக்கமும் சுத்தியலால் அடித்து இறுக்கி, அதன் அடர்த்தியை எடுக்கிறார்கள். மார்ஷல் சோதனை என்று அதற்குப் பெயர். இங்கே அது 2.45 வந்திருந்தது. களத்தில் அதில் 98 சதவீதமாவது வரவேண்டும் என்று வைத்துக்கொண்டதால் 2.40.

பேவருக்குப் பின்னால் ஒருவர் அளவு குறித்த இரும்புக் கம்பியோடு நடந்துகொண்டே இருந்தார். சில அடிக்கு ஒருமுறை இளகிய கலவையில் கம்பியைக் குத்தி, அடி தட்டியதும் ஆழத்தைப் பார்ப்பார். நடுவில் ஒரு முறை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு முறை. அவருக்கு 40 வேண்டியதில்லை, 50 பக்கம் வேண்டும். ரோலர் ஏறினால் அது 40க்கு இறங்கிவிடும். ஓரத்தில் 44தான் காட்டியபோது கையை உயர்த்தினார். பேவரில் நின்றவர் திருகைக் கொஞ்சம் திருப்பினார். லோடு தீர்ந்த இடத்தில் மேஸ்திரி அடுத்த கோட்டைப் போட்டார். 26 மீட்டர் ஓடியிருந்தால் சராசரிக் கனம் 36.6 மில்லிமீட்டர்தான் என்று அந்தக் கோடே சொல்லிவிடும்; 22 மீட்டரில் நின்றிருந்தால் 43 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியாகிவிட்டது. கம்பி ஒரு புள்ளியைச் சொல்கிறது, எடைச்சீட்டு மொத்தத்தைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டும் ஒத்துப்போனாலும் வேலை முடிந்துவிடாது. கடற்கரையில் காற்று ஓயாது. 40 மில்லிமீட்டர் என்பது மெல்லிய படுகை. அதன் சூடு வேகமாக இறங்கும். விஜி-30 ரகத் தார் என்றால் விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக்கூடாது, 90க்குக் கீழே இறங்கும் முன் உருட்டி முடித்துவிட வேண்டும். இரும்பு ரோலர், அடுத்து டயர் ரோலர், கடைசியாகத் திரும்பவும் இரும்பு ரோலர். இந்த நேரத்தைத் தவறவிட்டால் பிறகு எத்தனை முறை உருட்டினாலும் கலவை இறுகாது.

இறுகாத சாலையை டேப் பிடித்துக் கொடுக்காது. அதற்கு நேர்மாறாக, டேப் அதற்குச் சாதகமாகவே பேசும். உருட்டல் குறைந்த கலவை உப்பிக்கொண்டு நிற்பதால் அதே லோடு அதிகக் கனம் காட்டும். சோதனைக்காக 10 சென்டிமீட்டர் விட்டத்தில் வெட்டி எடுத்த ஒரு வட்டத்துண்டின் கணக்கை அங்கிருந்த பொறியாளர் எனக்குக் காட்டினார். கனம் சரியாக 40 மில்லிமீட்டர். காற்றில் எடை 716 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால் 402 கிராம். வித்தியாசம் 314, அதுதான் கனசென்டிமீட்டரில் அதன் கொள்ளளவு. 716ஐ 314ஆல் வகுத்தால் 2.28. ஆய்வக அடர்த்தியில் 93 சதவீதம்தான்.

அந்தத் துண்டு இருந்த இடத்தைப் போலவே கிலோமீட்டர் முழுவதும் இருந்தால் என்ன ஆகும்? 280 கனமீட்டரை 2.28ஆல் பெருக்கினால் 638 டன். டேப்பில் கனம் 40, ஆனால் 672 டன் போகவேண்டிய இடத்தில் 34 டன் போகவே இல்லை. ஒவ்வொரு லாரியும் 25 மீட்டர் ஓடியிருக்கும். அந்த 34 டன்னின் இடத்தில் காற்று இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தத் துளைகள் வழியே தண்ணீர் இறங்கி, கல்லிலிருந்து தாரைப் பிரிக்கும். பேருந்துச் சக்கரங்கள் ரோலர் விட்டுவைத்த வேலையைத் தங்கள் தடத்தில் மட்டும் செய்யும். சாலை இரண்டு வரியாக அமுங்கும். அந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டார்கள் என்று பொறியாளர் சொன்னார்.

சூத்திரத்துக்கு அடங்காத இடமும் உண்டு. பழைய சாலை மேடும் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தை நிரப்பும் கலவைக்கு ஒரே கனம் என்று எதுவும் கிடையாது. அதனால்தான் மேல்பூச்சை முடிந்த வேலையின் கனமீட்டரிலோ சதுரமீட்டரிலோ அளக்கும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதித்தொகுப்பு, மட்டம் திருத்தும் அடுக்கை மட்டும் டன்னில் அளக்க இடம் தருகிறது. அங்கே எடைமேடைச் சீட்டைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சீட்டு ஒவ்வொன்றையும் அளவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

பழையதன் மேலேயே புதியதைப் போட்டுக்கொண்டு போவதால் வீட்டு வாசலைவிடத் தெரு உயர்ந்துபோகிறது. பழைய மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போடவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அப்படிச் செய்தால் 40 மில்லிமீட்டர் போடும் தெருவிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு டன் முதலில் வெளியேற வேண்டும். சுரண்டிய குப்பையை ஏற்றிய லாரிகளையும் எண்ணினால்தான் அந்தத் தெருவின் கணக்கு நேராகும்.

உங்கள் ஊரில் அடுத்த முறை சாலை போடும்போது புதுக் கறுப்பைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மூன்றைக் கேளுங்கள்: எத்தனை டன் வந்தது, அது எத்தனை மீட்டர் ஓடியது, வெட்டி எடுத்த துண்டின் அடர்த்தி என்ன. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அந்தச் சாலையை நம்பலாம். ஒன்று விலகினாலும், எங்கே விலகியது என்று மற்ற இரண்டும் காட்டிக் கொடுக்கும்.