ஒரு நாள் கூலியும் மூன்று மேசைகளும்

ஆம்பூரில் மாலை வேளைகளில் கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் எங்கள் சிறு கூட்டத்திற்குச் சில ஆண்டுகளாக இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. தெருவில் எவர் வீட்டுப் பிள்ளைக்கேனும் கல்லூரியில் இடம் கிடைத்தால், முதல் நாளன்று பெற்றோருடன் எங்களில் ஒருவர் துணைக்குச் செல்வோம். வாணியம்பாடிக்கும் சென்றிருக்கிறோம், வேலூருக்கும் சென்றிருக்கிறோம். அழைப்பிதழில் அதை ‘முதலாமாண்டு அறிமுக நாள்’ என்று அச்சிடுகிறார்கள். பிள்ளைகள் ‘ஓரியண்டேஷன்’ என்கிறார்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் தாய்க்கும் டேனரிக்குப் போகும் தகப்பனுக்கும் அது ஒரு நாள் கூலி. அந்தக் கூலிக்கு ஈடாக அன்று எதைப் பெற்றுத் திரும்ப வேண்டும் என்பதை, நாங்கள் கண்டறிந்தவரை இங்கே எழுதிவைக்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலையில் அரங்கில் நிகழும் உரைகளைப் பிள்ளை கேட்டு வந்து வீட்டில் சொல்லிவிடும். பெற்றோர் நேரில் இருந்தாக வேண்டிய இடங்கள் வேறு. சான்றிதழ் சரிபார்க்கும் மேசை, கட்டணம் வாங்கும் அலுவலகம், உதவித்தொகைப் பிரிவு ஆகிய மூன்றுமே அவை. பெற்றோரின் கையெழுத்தும், பெற்றோரின் கைப்பேசிக்கு வரும் எண்ணும், பெற்றோரே பதில் சொல்லக்கூடிய கேள்விகளும் அங்கேதான் தேவைப்படுகின்றன. அரங்கில் முன்வரிசையில் அமர்ந்துவிட்டு நண்பகலுக்கு மேல் அலுவலகத்திற்கு வருபவர்கள், நீண்ட வரிசையின் கடைசியில் நிற்க நேர்வதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

புறப்படுவதற்கு முந்தைய இரவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் பாயில் விரித்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எங்கள் பகுதியில் பெயர்கள் உருதுவிலிருந்தோ தெலுங்கிலிருந்தோ தமிழுக்கும், பின் ஆங்கிலத்திற்கும் வந்து சேர்கின்றன. வழியில் ஓர் எழுத்து கூடிவிடும், ஓர் எழுத்து உதிர்ந்துவிடும். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கும், மற்றொன்றில் தகப்பன் பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். பிறந்த தேதியும் மாறியிருக்கலாம். மாறுபாடு இருந்தால் பத்தாம் வகுப்புச் சான்றிதழையே வேராகக் கொண்டு மற்றவற்றை அதற்கேற்பத் திருத்துவதே வழி. ஆதாரைத் திருத்துவது ஒரு மையத்திற்குச் சென்று செய்யக்கூடிய காரியம். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவதோ தேர்வுத் துறைவரை சென்று மாதக்கணக்கில் காத்திருக்கும் காரியம்.

ஊரின் பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. அதற்கு முன் வாங்கிய சான்றுகளில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கும். அது பிழையன்று. ஆனால் இன்று நிரப்பும் படிவத்தில் இன்றைய மாவட்டத்தையே எழுத வேண்டும். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால், கணினித் திரையில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் கவனிக்க வேண்டும்.

முதல் மேசையில் கொடுக்க வேண்டிய மூலச்சான்று மாற்றுச் சான்றிதழ் ஒன்றே. ‘டி.சி.’ என்று நாம் சொல்லும் அது கல்லூரியில் தங்கிவிடும். ஆகவே அதற்கு முன் நான்கைந்து நகல்கள் எடுத்துக்கொள்வது நல்லது. மதிப்பெண் சான்றிதழ்களின் மூலங்களைப் பார்த்துச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வகுத்த விதி. ஆயினும் கோப்பில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அப்படிக் கேட்டால், சண்டையிடாமல், “எந்தெந்தச் சான்று வாங்கிக்கொண்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள் ஐயா” என்று கேட்கலாம். எழுத்தில் கேட்டவுடன் பல சான்றுகள் அப்போதே கைக்குத் திரும்பிவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

இது வெறும் தாள் விவகாரமன்று. கலைக் கல்லூரிகள் திறந்த பிறகும் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருக்கும். அங்கே இடம் கிடைத்து மாற விரும்பும் பிள்ளையின் சான்று இங்கே பூட்டப்பட்டிருந்தால் ஒரு வாய்ப்பே கைநழுவிவிடும். அதனால் அந்த மேசையில் இன்னொரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: சேர்க்கையின் கடைசி நாள் எது? அதே 2018 விதிப்படி, கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது அந்த நாளுக்கு எத்தனை நாள் முன்னரோ பின்னரோ விலகுகிறோம் என்பதைப் பொறுத்தது. பதினைந்து நாட்களுக்கு முன்னரே விலகினால் முழுக் கட்டணத்தில் சிறு பிடித்தம் மட்டுமே. கடைசி நாளுக்குப் பின் முப்பது நாள் கடந்துவிட்டால் ஒன்றும் இல்லை.

இரண்டாவது மேசை கட்டண அலுவலகம். 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியிலிருந்து வேலூர் ஊரீசு கல்லூரி வரை, இப்பகுதியின் மூத்த கல்லூரிகள் பல அரசு உதவி பெறுபவை. இத்தகைய கல்லூரிகளில் ஒரே கட்டடத்தில், ஒரே பட்டத்திற்கு, உதவிபெறும் பிரிவு என்றும் சுயநிதிப் பிரிவு என்றும் இரண்டு இருப்பதுண்டு. பாடம் ஒன்றே, பல்கலைக்கழகத் தேர்வும் ஒன்றே, கட்டணம் வேறு. பெரும்பாலும் வகுப்பு நேரமும் வேறு. “பி.காம். கிடைத்துவிட்டது” என்ற மகிழ்ச்சியில் எந்தப் பிரிவு என்று கேட்காமல் விட்டுவிடுபவர்கள் அநேகர். பிற்பகல் பிரிவென்றால் மகள் எத்தனை மணிக்கு வெளியே வருவாள், எந்தப் பேருந்தைப் பிடிப்பாள் என்பது கம்பெனி வண்டியில் மாலையில் திரும்பும் தாய்க்கு உடனே தெரிந்தாக வேண்டிய செய்தி. ரசீதில் பிரிவின் பெயரும், எந்தெந்தத் தலைப்பில் எவ்வளவு என்பதும் தனித்தனியே இருக்கிறதா என்று பார்த்த பிறகே நகர வேண்டும்.

மூன்றாவது மேசையைப் பற்றிச் சொல்ல, நாங்கள் உடன்சென்ற ஒரு குடும்பத்தின் அனுபவமே போதும். அந்த அக்கா ஷூவின் மேற்பாகம் தைக்கும் பிரிவில் இருப்பவர். மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அப்படிப் படித்துக் கல்லூரியில் சேரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்றாண்டுப் பட்டத்திற்கு இது ஏறத்தாழ 36,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு என்பதால், பள்ளிச் சான்றில் பயிற்றுமொழி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொறுப்புப் பேராசிரியர் வங்கிப் புத்தகத்தைப் பார்த்தார். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கு. “இந்தக் கணக்கில்தான் ஆதார் இணைந்திருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. இடையில் வேறொரு வங்கியிலும் மகள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டிருந்தது. அரசின் நேரடிப் பணம் ஆதார் எண்ணைப் பற்றிக்கொண்டு செல்லும்போது, நாம் படிவத்தில் எழுதிய கணக்கிற்குச் செல்வதில்லை. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தோமோ அங்கே செல்கிறது. அந்தக் கணக்கு செயலற்றுக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். கல்லூரியின் பட்டியலில் ‘அனுப்பப்பட்டது’ என்றிருக்கும், வீட்டில் ஒன்றும் வந்திருக்காது.

இதை அங்கேயே அறிந்துகொள்ள முடியும். `myaadhaar.uidai.gov.in` தளத்தில் நுழைந்து `Bank Seeding Status` என்ற பகுதியைத் திறந்தால், இணைந்திருக்கும் வங்கியின் பெயரும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியும். ஆனால் நுழைவதற்கான எண், ஆதாரில் பதிந்த கைப்பேசிக்கே வரும். மகளின் ஆதாரில் பதிந்திருந்தது அக்காவின் எண். வேலை நாட்களில் அவருடைய கைப்பேசி பிரிவிற்கு வெளியே பெட்டியில் பூட்டியிருக்கும். எண் வந்து சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். “தம்பி, நான் இன்னைக்கு லீவு போடலைன்னா இது நடந்தே இருக்காது இல்ல?” என்று அக்கா கேட்டார். உண்மைதான். திரையில் தெரிந்தது இரண்டாவது வங்கியின் பெயர். அந்தக் கணக்கின் புத்தகம் எங்கிருக்கிறது என்றே தெரியாததால், பழைய வங்கிக்குச் சென்று ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்தோம். மகளுக்குப் பதினெட்டு நிறைந்திருந்ததால், சிறார் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்றும் வேலையும் அன்றே முடிந்தது. சில நாள் கழித்து மீண்டும் பார்த்தபோது பெயர் மாறியிருந்தது.

பிற உதவித்தொகைகளுக்கும் இதே கணக்கே வழி. அவற்றுள் பலவற்றுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தாயும் தகப்பனும் இருவரும் சம்பாதிக்கும் வீடுகள் இங்கே அந்த எல்லைக்கு அருகிலேயே நிற்கின்றன. ஆகவே வருமானச் சான்று எந்தத் தேதிக்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்டு, சம்பளச் சீட்டுடன் இ-சேவை மையத்திற்குச் செல்வது நல்லது. கல்லூரி மாணவருக்கென உருவாக்கும் ‘யூமிஸ்’ எண் எப்போது கிடைக்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ராகிங் தடுப்பு உறுதிமொழியைப் பிள்ளையும் பெற்றோரும் தனித்தனியே தர வேண்டும். இது 2009ஆம் ஆண்டின் மானியக் குழு விதி. `antiragging.in` தளத்தில் பதிந்து பெறும் எண்ணே போதுமா என்று கேட்டுவிட்டு, பிறகு முத்திரைத்தாள் கடைக்குச் செல்லலாம்.

கிளம்புமுன் துறைக்குச் சென்று வருகைப்பதிவைப் பற்றி விசாரிக்க வேண்டும். பொதுவாகத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை தேவை. பருவத்திற்குத் தொண்ணூறு நாள் என்றால், விடக்கூடியது இருபத்திரண்டு நாள். வீட்டில் ஒரு திருமணம், ஒரு நோய், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சில நாட்கள் என்று சேர்ந்தால் அது விரைவில் தீர்ந்துவிடும். பெண்பிள்ளைகளுக்குத்தான் முதலில் தீர்கிறது. குறைந்தால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், மருத்துவச் சான்றை எத்தனை நாளுக்குள் தர வேண்டும், வீட்டிற்குத் தகவல் எந்த எண்ணிற்கு வரும் என்பவை அன்றே கேட்க வேண்டிய கேள்விகள். தகவல் எண்ணாக, பகலில் பூட்டிக் கிடக்காத ஒரு கைப்பேசியின் எண்ணைக் கொடுங்கள்.