நூறு ரூபாய் பாக்கி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்குச் சம்பளம் வருவது 15-ஆம் தேதி. மகளின் பள்ளியில் முதல் தவணைக்குக் கெடு ஜூன் 10. பிந்தினால் நாளுக்கு 20 ரூபாய் அபராதம். தவணை 12,000, அக்காவும் அங்கேயே படிப்பதால் 1,200 சலுகை. ஜூன் 15 அன்று 10,800 கட்டினேன். கவுன்டரில் அபராதம் கேட்கவில்லை.

செப்டம்பர் 10-இல் இரண்டாம் தவணை கட்டப் போனபோது, 1,740 ரூபாய் அபராதம் நிற்கிறது என்றார்கள். விவரம் கேட்டேன். “அப்பாவை வரச் சொல்லுங்கம்மா” என்றார் கணக்காளர்.

பழைய ரசீதை வரி வரியாகப் படித்தேன். அடியில் இருந்த மொத்தம் 10,800 சரிதான். ஆனால் மேலே, ஐந்து நாள் அபராதம் 100-ஐ முதலில் எடுத்துக்கொண்டு, கல்விக் கட்டணத்தில் 10,700 மட்டுமே வரவு வைத்திருந்தார்கள். மீதி நின்ற நூறு ரூபாய்க்கு 87 நாளாக அபராதம் ஓடியிருக்கிறது. பாக்கி நூறோ பத்தாயிரமோ, நாளுக்கு அதே இருபது.

அபராதத்தை முதலில் கழிப்போம் என்று அட்டவணையில் எங்கும் இல்லை. அதைச் சுட்டி எழுதிக் கொடுத்தேன். நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு 1,740-ஐ நீக்கினார்கள்.

இப்போது ரசீதின் மொத்தத்தை நான் பார்ப்பதில்லை. சலுகை போக வரும் தொகையும் கட்டண வரியும் ஒன்றா என்று பார்க்கிறேன். அபராதத்துக்குத் தனி ரசீது கேட்கிறேன். ரசீதில் பெயர் மட்டும் இன்னும் அவருடையதுதான்.