ஒரு பங்கு பத்தானபோது



2024 இறுதியில் ஜோன் கீல்ஸ் ஹோல்டிங்ஸ் தனது ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தபோது, மாத்தளையில் எங்களோடு படிப்பிக்கும் ஒரு சேர் பதறிப்போனார். அவர் 190 ரூபாவுக்கு வாங்கிய பங்கு 20 ரூபா அளவில் நின்றது. தனது 100 பங்குகள் 1000 ஆனதை அவர் கவனிக்கவில்லை.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். போட்ட பணம் 19,000 ரூபா. அதை 1000 ஆல் வகுத்தால் ஒரு பங்கின் கொள்விலை 19 ரூபா. கம்பனியில் அவருடைய பாகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கையில் காசும் வரவில்லை. வருமானமே வராதபோது எதற்கு வரி?

போனஸ் பங்குக்குக் கணக்கு வேறு. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. கொடுத்த அன்று அங்கே வரி இல்லை. ஆனால் அந்நாட்டு வரிச் சட்டம் வாங்கிய விலையை இரண்டு பங்குக்கும் பிரிப்பதில்லை. பழையதற்கு முழு விலை, போனஸுக்குப் பூச்சியம். ஆகவே போனஸ் பங்கை விற்கும்போது வரும் பணம் முழுவதும் இலாபமாகவே கணக்கிடப்படும்.

சேர் தன் கொப்பியில் 190ஐ வெட்டி 19 என்று எழுதினார்.