வாசல் கேமரா குடித்த டேட்டா

மாதம் பிறந்தால் எங்கள் வீட்டு இன்டர்நெட் பறக்கும். 22ஆம் தேதி வாக்கில் படுத்துவிடும். டிவியில் படம் சுற்றிச் சுற்றி நிற்க, எல்லோரும் என் மகனைத்தான் பார்ப்போம். கம்பெனிக்குப் போன் போட்டேன். "சார், உங்க 500 ஜிபி முடிஞ்சிருச்சு. இனி 2 எம்பிபிஎஸ்தான். 599 பிளானுக்கு மாறிக்கிறீங்களா?" என்றார் போனை எடுத்த பெண்.

என்னுடையது 499 ரூபாய் பிளான், வேகம் 100. அவர் சொன்ன 599இல் வேகம் 40தான், ஆனால் 3300 ஜிபி வரை குறையாது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 118 ரூபாய். கூடக் காசு கொடுத்துக் குறைந்த வேகம் வாங்குவதா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் போதும். இரண்டு படம், ஒரு வீடியோ கால் சேர்ந்து ஓடினாலும் 15ஐத் தாண்டாது. அந்த 100 விளம்பரத்துக்கு அழகு, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்று உறுதியாகத் தெரிய வேண்டும்: குறைவது நிஜமாகவே டேட்டா தீர்ந்ததாலா? லேப்டாப்பை கேபிள் போட்டு ரூட்டரில் நேராகச் சொருகி, விடியற்காலை ஐந்துக்கும் இரவு ஒன்பதுக்கும் வேகம் பார்த்தேன். இரண்டு வேளையும் 1.9. லைனில் நெரிசல் என்றால் இரவில் இறங்கி, விடியலில் ஏறியிருக்கும். வைஃபை கோளாறு என்றால் கேபிளில் சரியாகியிருக்கும். இப்படி ஆணி அடித்தாற்போல ஒரே எண்ணில் நின்றால் அது கம்பெனி போட்ட பூட்டுதான்.

அப்படியானால் 500 ஜிபியை யார் தின்றது? கம்பெனி ஆப்பில் நாள்வாரிக் கணக்கு இருந்தது. தினம் 23 ஜிபி சொச்சம். டிவி நான்கு மணி நேரத்துக்கு 9 ஜிபி, போன்களுக்கு 3 ஜிபி. மீதி? நாங்கள் நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தபோது, பூட்டிய வீட்டிலும் தினம் 11 ஜிபி ஏறியிருந்தது. வாசல் கேமரா! யாருமில்லாத தெருவை இராப்பகலாகப் படம் பிடித்துக் கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. நாம் அனுப்புவதையும் கம்பெனி கணக்கில் சேர்க்கிறது. நொடிக்கு ஒரு மெகாபிட் என்றாலும் நாளுக்கு 10.8 ஜிபி, மாதத்துக்கு 324.

ஒரு மெமரி கார்டு வாங்கிப் போட்டு, ஆள் நடமாடினால் மட்டும் கிளவுடுக்கு அனுப்பு என்று மாற்றினேன். இந்த மாதம் 30ஆம் தேதி பார்த்தபோது 390 ஜிபி. 499லேயே இருக்கிறேன். மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். புது ஹெட்போன் கேட்கிறான்.